காவி காய்வதற்குள் வந்துவிடுங்கள்

அக்கி வந்து என்னிடம் வந்தவர்களில் இந்த மாதம் இவர் ஐந்தாவது. ஐந்து பேரும் உடம்பில் காவியோடுதான் என் அறைக்குள் வந்தார்கள். ஐந்தாவதாக வந்த அம்மாவைப் பார்த்த அன்று இரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்கு 67 வயது. இட்லிக் கடை வைத்திருப்பவர். உள்ளே வரும்போதே இடது பக்கம் ஜாக்கெட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். துணி தோலில் படக்கூடாது. நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் உதவி, "டாக்டரம்மா, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்." காற்று பட்டாலே மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறதாம். இடது மார்புக்குக் கீழே, முதுகெலும்பில் தொடங்கி விலாவோடு வளைந்து வந்து நெஞ்செலும்பில் முடிகிற ஒரு பட்டை. அதன்மேல் மூன்று அடுக்குக் காவி. காவியைப் பஞ்சால் நனைத்து எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. கீழே காய்ந்த பொருக்குகள், நடுநடுவே சீழ் பிடித்த இரண்டு புண்கள்.

நடந்ததைக் கேட்டேன். முதல் நான்கு நாள் கொப்புளமே இல்லை, வலி மட்டும். நெஞ்சின் இடது பக்கம் என்பதால் மகன் பயந்துபோய் ஈசிஜி எடுத்திருக்கிறார். அதில் ஒன்றுமில்லை. "வாயுப் பிடிப்பு" என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் சிவந்து, கொத்துக் கொத்தாக நீர்க் கொப்புளம். பார்த்தவுடன் பக்கத்து வீட்டில் சரியாகச் சொல்லிவிட்டார்கள்: அக்கி. நோயின் பெயரைச் சொல்வதில் நம் ஊர்ப் பெரியவர்கள் பல சமயம் எங்களை முந்திவிடுவார்கள். அதற்கு அப்புறம்தான் வண்டி தடம் மாறுகிறது. மண்பானை செய்கிறவரிடம் போய் கொப்புளத்தின்மேல் காவியைக் குழைத்துப் பூசி மூன்று நாள் தொடர்ந்து அக்கி எழுதிக்கொண்டு, பத்தியம் இருந்து, கொப்புளம் வந்த ஒன்பதாம் நாள் என்னிடம் வந்தார்.

அக்கி எங்கிருந்து வருகிறது? சிலந்தி நக்கியதால் அல்ல, பூச்சி எச்சத்தால் அல்ல, உடல் சூட்டாலும் அல்ல. சிறு வயதில் உங்களுக்குச் சின்னம்மை வந்ததே, அதே வைரஸ்தான். வேரிசெல்லா ஸோஸ்டர் என்று பெயர். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையைத் தூக்கிப் போட்டவுடன் அது போய்விட்டது என்று நினைத்திருப்போம். போகவில்லை. முதுகுத்தண்டை ஒட்டி இருபுறமும் உள்ள நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொண்டது. ஐம்பது, அறுபது வருடம் அப்படியே கிடக்கும். வயதாகும்போதோ, ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்து, எச்ஐவி போன்றவற்றாலோ எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால், ஏதோ ஒரு முடிச்சில் இருப்பது மட்டும் எழுந்து, அந்த நரம்பு வழியாகவே தோலுக்கு இறங்கி வரும். இங்கிலாந்தில் எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற பொது மருத்துவர் தன் ஊர் நோயாளிகளைப் பதினாறு வருடம் கவனித்துக் குறித்து வைத்து, 1965-இல் இதை விளக்கி எழுதினார். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை, ஒரு கிளினிக்கும் நோட்டுப் புத்தகமும்தான்.

இப்போது என்னை அதிகம் எரிச்சல்படுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். "என் சித்தப்பாவுக்கு அக்கி எழுதித்தான் சரியானது டாக்டர்." சரியானது உண்மைதான், நான் மறுக்கவே இல்லை. ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் கொப்புளம் காய்ந்து உதிர்ந்திருக்கும். காவி பூசினாலும் காயும், பூசாவிட்டாலும் காயும், என் களிம்பைப் பூசினாலும் காயும். ஈர மண் பட்டால் சற்று நேரம் குளிர்ச்சியாக இருக்கும், அந்த இதமும் பொய்யில்லை. ஆனால் நோய் தோலில் இல்லை, நரம்பில் இருக்கிறது. தோல் ஆறுவதை வைத்து வைத்தியம் பலித்தது என்று சொல்வது, புகை அடங்கியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் தீ அணைந்தது என்று சொல்வது மாதிரி. முப்பது வயதில் வந்தால் நரம்பும் பெரும்பாலும் தானாகத் தேறிவிடும். அந்தச் சித்தப்பாவுக்கு அன்று என்ன வயது என்று கேட்டுப் பாருங்கள். அறுபதைத் தாண்டியவர்களில்தான் பலருக்குத் தோல் ஆறிய பிறகும் நரம்பு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் எரியும்.

இதே மாதிரி நம்பிக்கைகளில் இன்னொரு பயமும் உண்டு. அக்கி பாம்பு மாதிரி உடம்பைச் சுற்றி வரும், தலையும் வாலும் சேர்ந்தால் உயிர் போய்விடும் என்று. அந்த அம்மா என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வியே இதுதான். அவர் முதுகில் விரல் வைத்துக் காட்டினேன். முதுகெலும்பிலிருந்து இடது பக்கத்துக்கு ஒரு நரம்பு, வலது பக்கத்துக்குத் தனியாக ஒரு நரம்பு. இடது நரம்பு நெஞ்செலும்போடு நின்றுவிடும், அதைத் தாண்டிப் போக அதற்கு வழியே இல்லை. அதனால்தான் அக்கி ஒரே பக்கமாக, நடுக்கோட்டில் கத்தரித்தாற்போல் நிற்கிறது. அபூர்வமாக இருபுறமும் வந்தாலோ, பட்டையை விட்டு உடம்பெங்கும் சிதறினாலோ, எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்திருக்கிறது என்று பொருள். அப்போது வீட்டில் உட்கார்ந்து பாம்புக் கதை பேசாமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, ஏன் அவசரம்? வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன: அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர். முதல் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன் உண்டு, கொப்புளமும் வலியும் சீக்கிரம் அடங்கும். பெருகி முடித்துவிட்ட வைரஸையும் கெட்டுப்போன நரம்பையும் இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. மூன்று நாள் தாண்டிய பிறகும் புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால், அல்லது கண், காது பக்கம் வந்திருந்தால், நாங்கள் கொடுக்கத்தான் செய்வோம். சீக்கிரம் கொடுத்துவிட்டால் பிற்பாடு வலியே வராது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், அப்படிப்பட்ட மருந்து இன்னும் இல்லை. ஆனால் தாமதமாக வந்தவருக்கு அந்த வாய்ப்பைக்கூடக் கொடுக்க முடியாமல் போகிறது.

மருந்துக் கடையில் "அக்கிக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. களிம்பு மட்டும் போட்டால் நரம்புக்கு எதுவும் போய்ச் சேராது. மாத்திரையிலும் அரைகுறை அளவு வேலை செய்யாது. பெரியவர்களுக்கு அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று சீட்டில் கடிகாரமே வரைந்து கொடுப்பேன். 200 மில்லிகிராம் இரண்டு வேளை போட்டுவிட்டு "கேட்கவில்லை" என்று வருகிறவர்களை என்ன செய்ய? அதே சமயம் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்த அளவு ஆபத்து, குறைத்துத்தான் தர வேண்டும். அதனால் மேலே எழுதியதைப் பார்த்து நீங்களே வாங்கிப் போடாதீர்கள்.

நெற்றியிலோ இமையிலோ வந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம். குறிப்பாக மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் தெரிந்தால் கண்ணுக்குள்ளும் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே நரம்புக் கிளைதான். நேரே கண் மருத்துவரிடம் போங்கள். காதுக்குள் கொப்புளம் வந்து வாய் கோணினாலும் அப்படித்தான். கண்ணைச் சுற்றிக் காவி பூசிக்கொண்டு வந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

ஒட்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஒருவருடைய அக்கி இன்னொருவருக்கு அக்கியாக ஒட்டாது. ஆனால் கொப்புள நீரில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. அம்மை வராதவர், தடுப்பூசியும் போடாதவர் அதைத் தொட்டால் அவருக்குச் சின்னம்மை வரலாம். எல்லாப் புண்ணும் பொருக்குத் தட்டும்வரை சுத்தமான துணியால் மூடி வையுங்கள், கைக்குழந்தையைத் தூக்காதீர்கள், கர்ப்பிணிகள் தள்ளி இருக்கட்டும். குளிக்கலாம். முட்டையும் மீனும் சாப்பிடலாம். அந்த அம்மா ஒன்பது நாள் கஞ்சி மட்டும் குடித்து மூன்று கிலோ இளைத்திருந்தார், அது எந்த நரம்புக்கும் உதவவில்லை.

முப்பது வயதுக்காரருக்குப் பெரிதாக அக்கி வந்தால் சர்க்கரையும் எச்ஐவியும் பார்க்கச் சொல்வேன். கோபப்படாதீர்கள், சந்தேகப்பட்டு அல்ல, அந்த வயதில் எதிர்ப்புச் சக்தி ஏன் தளர்ந்தது என்று தெரிந்துகொள்ளத்தான்.

குயவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் ஊரில் எழுதுகிற பெரியவரிடம் போய் ஒரு நாள் பேசினேன். "எழுதறதை நிறுத்தச் சொல்லலை ஐயா, கொப்புளத்தை உடைக்காம ஓரமா எழுதுங்க, அன்னைக்கே என்கிட்ட அனுப்பிடுங்க" என்றேன். யோசித்துவிட்டு, "அப்ப சாமி குத்தம் வராதுல்ல?" என்றார். வராது என்றேன். அப்புறம் இரண்டு பேரை அனுப்பினார். ஒருவர் இரண்டாம் நாளே வந்தார், காவி இன்னும் ஈரமாக இருந்தது.

இட்லிக் கடை அம்மாவுக்கு மாத்திரையின் காலம் முடிந்திருந்தது. சீழுக்கு மருந்து கொடுத்து, நரம்பு வலிக்குக் கபாபென்டின் இரவில் சிறிய அளவில் தொடங்கினேன். தூக்கக் கலக்கத்தில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். இரவில் எழுந்தால் விளக்கைப் போட்டு, ஒரு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு நடக்கச் சொன்னேன்.

"இது திரும்ப வருமா?" என்றார். சிலருக்கு வரும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. கை தசையில் இரண்டு ஊசி, இடையில் இரண்டிலிருந்து ஆறு மாதம். இப்போது இருக்கிற வலியை அது தீர்க்காது, அக்கி ஆறிய பிறகுதான் போட வேண்டும். விலையைச் சொன்னேன். மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். "நான் ஆறினப்புறம் பார்க்கலாம், முதல்ல அவருக்குப் போட்டுடலாமா? அவருக்கு எழுபத்தி ரெண்டு, சின்னதுல அம்மை வந்த தழும்பு மூக்குல இருக்கு" என்றார். வாசலில் அவர் கணவர் இடுப்பில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.