படத்தில் தெரியாத பட்டு

பினாங்கு லிட்டில் இந்தியாவில் சேலையும் பூசைச் சாமானும் விற்கும் ஓர் அக்கா, இணையக் கடைக்குப் பொருள் விவரம் எழுதும் வேலையை ஏஐ கருவியிடம் விடலாமா என்று கேட்டார். சிறு கடைகளின் இணையப் பட்டியல்களைச் சரிசெய்து கொடுப்பது என் தொழில். "படத்தைப் போட்டா மலாயிலும் ஆங்கிலத்திலும் அதுவே எழுதிடுதாம் தம்பி, ராத்திரி உட்கார்ந்து தட்டுற வேலை மிச்சம்" என்றார். சரி, பட்டியலில் ஏற்றுவதற்கு முன் சோதித்துவிடுவோம் என்றேன்.

பலரும் கைக்கு வந்த படத்தைப் போட்டு, வருகிற எழுத்து அழகாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கும். சோதனைக்கு வேண்டியது, படத்தில் ஒன்றுபோலத் தெரிந்து கையில் எடுத்தால் வேறாக இருக்கும் பொருள்கள். அக்கா அரக்கு நிறத்தில் தங்கக் கரை போட்ட இரண்டு சேலைகளை எடுத்தார். ஒன்று 400 ரிங்கிட்டுக்கு மேல் விலை போகும் அசல் பட்டு. மற்றது 100 ரிங்கிட்டுக்கும் கீழே விற்கும் செயற்கை இழை. இரண்டின் உண்மை விவரத்தையும் முதலில் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். கருவியின் பதிலைப் பார்த்த பிறகு எழுதினால் மனம் அதன் பக்கம் சாய்ந்துவிடும். கடைக்குள் இருக்கும் மஞ்சள் விளக்கு அரக்கைச் செங்கல் நிறமாகக் காட்டும் என்பதால், வாசல் அஞ்சடியில் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்தோம்.

கருவி நிறத்தைச் சரியாகச் சொன்னது. கரையில் மாங்காய், முந்தானையில் கட்டம், இதெல்லாமும் சரி. ஆனால் இரண்டு சேலைக்குமே 'சுத்தேரா அஸ்லி' என்று எழுதியது. அதாவது அசல் பட்டாம். போதாததற்குக் கைத்தறியில் நெய்தது, காஞ்சிபுரத்திலிருந்து வந்தது என்றும் சேர்த்துக்கொண்டது.

இது ஏன் என்று அக்கா கேட்டார். இந்தக் கருவிகள் படங்களோடு கூடவே இருந்த எழுத்துகளைப் பார்த்துப் பழகியவை. தங்கக் கரை போட்ட சேலைப் படத்துக்குக் கீழே விற்பவர்கள் வழக்கமாக என்ன எழுதுவார்களோ, அதையே இதுவும் எழுதுகிறது. செயற்கை இழையைப் பட்டு என்று எழுதி விற்றவர்களின் வாசகமும் அந்தப் பாடத்தில் அடக்கம்தான். கடையில் நாம் முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்போம். அசல் பட்டு முடி கருகுகிற வாசம் அடித்து, விரலில் பொடியாகிற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, கெட்டியான உருண்டையாகிவிடும். அந்த வாசமும் சாம்பலும் எந்தப் படத்திலும் இல்லை.

அப்புறம் கட்டளையை மாற்றிப் பார்த்தோம். 'பட்டுச் சேலையை விவரி' என்று கேட்டால் பட்டு என்று நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். அதனால் இப்படி எழுதினோம்:

```
படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுது.
துணி வகை, அளவு, எடை, ஊர் எதையும் ஊகிக்காதே.
தெரியாத இடத்தில் [கடை நிரப்பவும்] என்று விடு.
```

நிறையவே அடங்கியது. ஆனாலும் ஒரு தடவை 'பட்டின் பளபளப்பு' என்று பின்வாசல் வழியாக நுழைந்தது. அவசரமாக வாசிக்கிற கண்ணுக்கு இது தப்பிவிடும்.

குத்துவிளக்கில் வேறு மாதிரிச் சிக்கல். ஐந்து முக விளக்கை நேர் எதிரிலிருந்து எடுத்திருந்தோம், பின்பக்க முகங்கள் மறைந்துவிட்டன. கருவி மூன்று முகம் என்றது. பக்கத்தில் அளவுக்கு ஒன்றும் வைக்காத படத்தைப் பார்த்து உயரத்தையும் சொன்னது, வேறு தடவை கேட்டால் வேறு உயரம். ஒரே படத்தை இரண்டு தடவை போட்டு எந்த விவரம் மாறுகிறது என்று பாருங்கள். மாறுவது ஊகம். மாறாமல் இருப்பதெல்லாம் உண்மை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம், பட்டு விஷயத்தில் அது ஒவ்வொரு தடவையும் ஒரே தப்பைத்தான் சொன்னது. விளக்கை மேலிருந்து ஒரு படமும், ஸ்கேலை நிறுத்தி ஒரு படமும் எடுத்த பிறகு முகங்களின் கணக்கு சரியாக வந்தது. பித்தளையா, பித்தளை முலாமா என்பது அப்போதும் கடைக்காரர் சொல்ல வேண்டியதுதான்.

மலேசியாவில் வர்த்தக விவரிப்புச் சட்டம் 2011, பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் கொடுத்து விற்பதைக் குற்றமாக்குகிறது. நிறுவனமாக இல்லாத தனி வியாபாரிக்கு முதல் குற்றத்திலேயே 100,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். 'கருவி எழுதியது, நான் எழுதவில்லை' என்ற பதிலை நம்பி நான் கடை நடத்த மாட்டேன்.

இப்போது அக்கா ஒவ்வொரு பொருளுக்கும் துணி அல்லது உலோகம், அளவு, எங்கே செய்தது என்ற மூன்றையும் தானே தட்டுகிறார். நிறம், வேலைப்பாடு, மொழிபெயர்ப்பு கருவியின் பங்கு. வேலை பாதியாகக் குறைந்ததாகச் சொல்கிறார். சோதனைக்கு முன்பே அவர் மகன் ஆர்வத்தில் ஏற்றிவிட்ட சில சேலைகள் இருந்தன. பட்டியலில் 'sutera asli' என்று தேடி, ஒவ்வொன்றாக அலமாரியிலிருந்து எடுத்து நூல் உருவிப் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.