மூன்று கப் காபி நள்ளிரவில் எங்கே இருக்கிறது?

கல்லூரியில் படிக்கும் வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்: "தேர்வுக்கு முந்தின நாள் முழுக்கக் காபியை வைத்துத்தான் ஓட்டுகிறேன். மாலை 4 மணிக்கு ஒன்று, இரவு 8 மணிக்கு ஒன்று, 11 மணிக்கு ஒன்று. ஆனால் மறுநாள் காலையில் அதே காபியைக் குடித்தால் தலை தெளிய மாட்டேன் என்கிறது. தாகம் எடுத்துவிடக் கூடாதே என்று தேர்வறை வாசலில் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகிறேன், பாதித் தேர்வில் சிறுநீர் முட்டுகிறது. காபியை அடியோடு விட்டுவிடவா, காலையில் இன்னொரு கப் சேர்த்துக் குடிக்கவா?"

இரண்டும் வேண்டாம். ஏன் என்று சொல்ல, ஒரு கப் காபி உள்ளே போனதும் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நரம்பணுக்கள் ஏடிபி என்ற மூலக்கூறைச் செலவழித்துத்தான் வேலை செய்கின்றன என்று பள்ளியிலேயே படித்திருப்போம். அது படிப்படியாக உடையும்போது கிடைக்கும் பொருள்களில் ஒன்று அடினோசின். நாம் விழித்திருக்கும் நேரம் நீள நீள, மூளையில் நரம்பணுக்களுக்கு வெளியே அடினோசின் சேர்ந்துகொண்டே போகிறது. நரம்பணுக்களின் மேற்பரப்பில் இதற்கென்றே ஏற்பிகள் இருக்கின்றன. அடினோசின் வந்து ஓர் ஏற்பியில் பொருந்தினால் அந்த அணுவின் சுறுசுறுப்பு கொஞ்சம் குறையும். இப்படிப் பல கோடி ஏற்பிகள் நிரம்பும்போது கண் சொக்குகிறது, படித்த வரியையே திரும்பப் படிக்கிறோம். தூங்கினால் அடினோசின் அளவு இறங்குகிறது. காலையில் மறுபடி கணக்கு தொடங்குகிறது.

இந்த இடத்தில்தான் கஃபீன் உள்ளே வருகிறது. எனக்கு உயிர்வேதியியலில் மிகவும் பிடித்த காட்சி இது. கஃபீன் மூலக்கூறின் உடல் இரண்டு வளையங்கள் ஒட்டியது. அடினோசினின் ஒரு பாதியும் ஏறக்குறைய அதே வடிவம். அதனால் கஃபீன் அதே ஏற்பியில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. ஆனால் பொருந்திய பிறகு எதையும் செய்வதில்லை. ஏற்பி நிரம்பிவிட்டது, 'வேகத்தைக் குறை' என்ற சமிக்ஞை மட்டும் கிளம்பவில்லை. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போலத்தான்: துண்டு எங்கும் பயணம் போகப் போவதில்லை, ஆனால் அது கிடக்கும்வரை வேறு ஆள் உட்கார முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது, உட்கார இடம் கிடைக்காத அடினோசின் எங்கும் போய்விடவில்லை. நாம் விழித்துக்கொண்டு படிப்பதால் இன்னும் சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது. களைப்பு அப்படியே இருக்கிறது, அது பற்றிய செய்திதான் நமக்கு வருவதில்லை. கஃபீன் விலக விலக, காத்திருந்த அடினோசின் ஏற்பிகளில் வந்து அமர்கிறது. காபியின் தெம்பு இறங்கும்போது களைப்பு மொத்தமாக வந்து விழுவதற்குக் காரணம் இதுதான்.

மூளையும் சும்மா இருப்பதில்லை. எலிகளுக்குத் தினமும் கஃபீன் கொடுத்துப் பார்த்தபோது அடினோசின் ஏற்பிகளின் எண்ணிக்கை கூடியது தெரிந்தது. இடமெல்லாம் யாரோ பிடித்துவிட்டால் இன்னும் கொஞ்சம் இடம் போடுவோம் என்பதுபோல மூளை ஈடுகட்டிக்கொள்கிறது. தினசரி காபி குடிப்பவர் ஒரு நாள் காலையில் அதை விட்டால், கூடுதல் ஏற்பிகள் எல்லாவற்றிலும் அடினோசின் தடையில்லாமல் போய் உட்காரும். அடினோசினுக்கு மூளையின் ரத்தக் குழாய்களை விரிக்கும் குணமும் உண்டு, தலைவலி பெரும்பாலும் அதனால் வருவது. கடைசிக் கப்புக்கு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் அது தொடங்கும், முதல் இரண்டு நாட்களில் உச்சத்துக்குப் போகும். ஆக, தேர்வு அன்று காபியை அடியோடு விடுவது மிக மோசமான நேரத்தில் எடுக்கும் நல்ல முடிவு.

அப்படியென்றால் காலைக் காபி கொடுக்கும் தெளிவு எவ்வளவு உண்மையானது? 2010-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ராஜர்ஸ் குழு இதைச் சோதித்தது. தினமும் காபி, டீ குடிக்கும் பழக்கம் உள்ளவர்களையும் அநேகமாகக் குடிக்காதவர்களையும் சேர்த்து 379 பேர். எல்லோரையும் 16 மணி நேரம் கஃபீன் இல்லாமல் இருக்கச் சொல்லிவிட்டு, சிலருக்குக் கஃபீனும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். கஃபீன் கிடைத்த பழக்கக்காரர்களின் விழிப்பு நிலை, வெற்று மாத்திரை எடுத்த பழக்கமில்லாதவர்களின் விழிப்பு நிலையைத் தாண்டவில்லை. அதாவது பழக்கப்பட்டவருக்குக் காலைக் காபி பெரும்பாலும் பள்ளத்திலிருந்து சமதளத்துக்கு ஏற்றிவிடுகிறது. மேடு எதுவும் கிடைக்கவில்லை. இந்த மாதிரி ஆய்வுகளுக்குப் பொதுப்பணம் தாராளமாகப் போக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். புத்துணர்ச்சி பானம் விற்பவர் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கச் செலவு செய்ய மாட்டார்.

சரி, வாசகியின் மூன்று கப்புக்கு வருவோம். ஒரு கப்பில் தோராயமாக 100 மில்லிகிராம் கஃபீன் என்று வைத்துக்கொள்வோம். அதே அளவு டீயில் பெரும்பாலும் இதில் பாதிதான் இருக்கும். கஃபீனைக் கல்லீரல் சிதைக்கிறது, சராசரியாக 5 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் இருப்பது பாதியாகிறது. இது ஆளுக்கு ஆள் நிறைய மாறும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆகலாம், புகைபிடிப்பவர்களுக்குச் சீக்கிரமே கரையும்.

நள்ளிரவு 12 மணிக்கு அவர் படுக்கிறார். 4 மணிக் காபியில் 33 மில்லிகிராம் மீதி. 8 மணிக் காபியில் 57. 11 மணிக் காபியில் 87. மொத்தம் 177. கிட்டத்தட்ட இரண்டு கப் காபியை அப்போதுதான் குடித்ததுபோன்ற நிலையில் கண்ணை மூடுகிறார். களைப்பு மிகுதியால் தூக்கம் வந்துவிடலாம், "எனக்குக் காபி குடித்தாலும் தூக்கம் வரும்" என்று பலர் சொல்வது உண்மைதான். ஆனால் கஃபீன் ஆழ்ந்த தூக்கத்தைக் குறைக்கும், அது தூங்குபவருக்குத் தெரியாது. படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததை 2013-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. காலை 6 மணிக்கு அவர் எழும்போதும் 77 மில்லிகிராம் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஏற்பிகளில் ஒரு பகுதி ஏற்கெனவே பிடிபட்டிருக்க, சரியாகத் தூங்காத களைப்பு மிச்சம் இருக்க, அதன்மேல் இன்னொரு கப்பை ஊற்றினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், தலை மட்டும் தெளியாது.

அதே மூன்று கப்பைக் காலை 7, 11, பிற்பகல் 3 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். நள்ளிரவில் மீதி இருப்பது 9.5, 16.5, 28.7. மொத்தம் ஏறக்குறைய 55 மில்லிகிராம். குடித்த அளவு ஒன்றுதான், படுக்கும்போது இருக்கும் அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்ன கணக்குப்படி ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம்வரை பயமில்லை. பள்ளி வயதினருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 150தான், அதாவது ஒன்றரைக் கப். வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும், பெரியவர்களுக்கான எண்ணை அல்ல.

தேர்வு 10 மணிக்கு என்றால், வழக்கமான ஒரு கப்பை வழக்கமான நேரத்தில் குடித்தால் போதும். 7 மணிக்குக் குடித்தாலும் 10 மணிக்கு மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். காபி சிலருக்குக் குடித்த சில நிமிடங்களிலேயே பெருங்குடலை அசைத்துவிடும், அதனால் கழிவறை பக்கத்தில் இருக்கும்போதே குடித்துவிடுவது நிம்மதி. காபியே குடிக்காதவர்கள் தேர்வு அன்று தொடங்க வேண்டாம். பழகாத உடம்பில் படபடப்பு மிக எளிதாக வரும், தேர்வு பயமும் அதே படபடப்பைத்தான் தருகிறது, இரண்டும் சேர்ந்தால் எது எது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

தண்ணீருக்கும் இப்படி ஒரு நேரக் கணக்கு உண்டு. பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தால் ரத்தம் லேசாக நீர்க்கிறது. ஓரிரு சதவீத மாற்றத்தையே மூளையின் ஹைப்போதலாமஸ் கண்டுபிடித்து, வாசோபிரஸ்ஸின் என்ற ஹார்மோனை நிறுத்திவிடுகிறது. சிறுநீரகக் குழாய்களில் நீரைத் திரும்ப உறிஞ்ச வைப்பது அந்த ஹார்மோன்தான். அது நின்றதும் உறிஞ்சும் வழிகள் மூடிக்கொள்கின்றன, வேண்டாத நீர் நேராகச் சிறுநீர்ப்பைக்குப் போகிறது. இந்த ஓட்டம் உச்சத்துக்கு வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். பத்தாவது நிமிடத்தில் வந்தால் தேர்வுக்கு முன்பே போய்விட்டு வந்திருக்கலாம், 9.45-க்குக் குடித்த பாட்டில் 10.45-க்குத்தான் கதவைத் தட்டுகிறது. இதற்குக் காபியைப் பழி சொல்பவர்களும் உண்டு. பழக்கப்பட்டவருக்கு ஒரு கப் காபி, அதே அளவு தண்ணீரைவிடப் பெரிதாக ஒன்றும் கூடுதல் சிறுநீரை உண்டாக்குவதில்லை.

எழுந்ததும், 6 மணியிலிருந்து 7 மணிக்குள் இரண்டு தம்ளர் குடித்தால் அது 9 மணிக்குள் தன் வேலையை முடித்துக்கொள்ளும். பிறகு வாய் நனைய அவ்வப்போது சிறு மிடறு போதும். உட்கார்ந்து எழுதும் மூன்று மணி நேரத்தில் கவனம் சிதறுகிற அளவுக்கு நீர் வற்ற வேண்டுமானால் உடல் எடையில் 2 சதவீதம் அளவு இழக்க வேண்டும். 50 கிலோ ஆளுக்கு அது ஒரு லிட்டர். கொளுத்தும் வெயிலில் நடந்து வந்தால் கொஞ்சம் யோசிக்கலாம். மற்றபடி அந்தப் பயம் தேவையில்லை.

சாப்பாட்டில் சொல்ல அதிகம் இல்லை. இரவு முழுக்கக் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து மூளைக்குச் சர்க்கரை கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறது, காலையில் மூளை பட்டினியில் விழுவதில்லை. ஆனால் வயிறு காந்தினால் கவனம் அங்கே போகும், அதனால் பழகிய உணவில் பாதி வயிறு போதும்.

மூன்று கப்பைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால், தேர்வுக்குப் பத்து நாளாவது முன்பே தொடங்குங்கள், விட்டபின் வரும் தொந்தரவு சிலருக்கு 9 நாள்வரை இழுக்கும். முதலில் 11 மணிக் கப்பைப் பாதியாக்கி, இரண்டு நாள் கழித்து விட்டுவிடுங்கள். அப்புறம் 8 மணிக் கப்பை இதேபோலப் பாதியாக்கி விடுங்கள். நடுவில் தலைவலி வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம், அந்த அளவிலேயே இரண்டு நாள் நின்றுவிட்டு அடுத்ததைக் குறையுங்கள்.