விரல்கள் மரக்கின்றன, உள்ளங்கை மரக்கவில்லை: ஏன்?

நரம்பியல் வெளிநோயாளர் பிரிவில் அடிக்கடி பார்க்கக்கூடிய ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 46, பெண், தையல் வேலை. சில மாதங்களாக நடுராத்திரியில் வலக்கை எரிந்து விழிப்புத் தட்டுகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் விறுவிறு என்று மரத்துக் கிடக்கின்றன. எழுந்து உட்கார்ந்து கையை நாலு உதறு உதறினால் சரியாகிவிடும், அப்புறம் தூங்கலாம். இப்போது பகலிலும் ஊசியில் நூல் கோப்பதும் பொத்தான் போடுவதும் தடுமாறுகின்றன. வலி சில நாள் முழங்கை வரை ஏறுகிறது. கழுத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் "எலும்புத் தேய்மானம்" என்று வந்திருக்கிறது. ஆகவே கழுத்துக்குப் பட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

கோளாறு கழுத்திலா, மணிக்கட்டிலா? இதைச் சொல்ல ஸ்கேன் தேவையில்லை. கையின் உடற்கூறு தெரிந்தால் ஒரு பஞ்சுத் திரியும் இரண்டு நிமிடமும் போதும்.

மணிக்கட்டில் ஒரு குறுகிய சுரங்கத்துக்குள் மீடியன் நரம்பு நசுங்குவதைக் கார்ப்பல் சுரங்க நோய் என்கிறோம். முதலில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிடலாம். கடிகாரம் கட்டும் இடத்தில்தான் நரம்பு நசுங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அங்கே இல்லை. மணிக்கட்டில் உள்ளங்கைக்கு ஒட்டினாற்போல் ஒரு மடிப்புக்கோடு இருக்கிறதே, அங்கே தொடங்கி உள்ளங்கைக்குள் மூன்று, நான்கு சென்டிமீட்டர் வரை போகிறது அந்தச் சுரங்கம். மடிப்பின் சுண்டுவிரல் ஓரத்தில் பட்டாணி அளவில் ஒரு எலும்பு தட்டுப்படும். கட்டைவிரல் ஓரத்திலும் ஒரு எலும்பு முண்டு தெரியும். மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளும் சேர்ந்து உள்ளங்கைப் பக்கம் பள்ளமாக வளைந்திருக்கின்றன. அந்தப் பள்ளத்தின் இரு கரைகளையும் ஒரு தடித்த நார்ப்பட்டை குறுக்கே இழுத்துக் கட்டியிருக்கிறது. கீழே எலும்பு, மேலே நார்ப்பட்டை. இரண்டுமே விரிந்து கொடுக்காதவை.

இந்த இடுக்குக்குள் பத்துப் பொருள்கள் போகின்றன. நான்கு விரல்களை மடக்க விரலுக்கு இரண்டாக எட்டு தசைநாண்கள், கட்டைவிரலை மடக்க ஒன்று, இவற்றோடு மீடியன் நரம்பு. நரம்பு இருப்பது மேல்பக்கம், நார்ப்பட்டைக்கு நேர் அடியில். தசைநாண்களைச் சுற்றியுள்ள மெல்லிய உறை சற்றே தடித்தாலும், திசுக்களில் நீர் கோத்தாலும், உள்ளே அழுத்தம் ஏறும். தசைநாண் கயிறு மாதிரி கெட்டியானது, தாங்கிக்கொள்ளும். நரம்பு தாங்காது.

சாதாரணக் கையில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும்போது சுரங்கத்துக்குள் அழுத்தம் சில மில்லிமீட்டர் பாதரச அளவுதான். இந்த நோய் உள்ளவர்களிடம் அளந்தபோது சராசரியாக 30 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தது. மணிக்கட்டை முழுக்க மடக்கினாலோ பின்னால் வளைத்தாலோ 90, 100 என்று எகிறியது. நரம்புக்கும் அதற்கென்று நுண்ணிய ரத்தக்குழாய்கள் உண்டு. 20 முதல் 30 மில்லிமீட்டர் அழுத்தத்திலேயே அவற்றில் ரத்தம் வடிவது தடைபடத் தொடங்குகிறது. நரம்பு முதலில் அறுபடுவதில்லை, மூச்சுத் திணறுகிறது என்று சொல்லலாம். ராத்திரித் தொல்லைக்குக் காரணமும் இதில் இருக்கிறது. தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொள்கிறோம், படுக்கும்போது உடலின் நீர் கைகளுக்கும் பரவுகிறது, கையை அசைப்பதும் இல்லை. விழித்து உதறும்போது மணிக்கட்டு நிமிர்கிறது, ரத்தம் ஓடுகிறது, மரப்பு விடுகிறது. "உதறினால் சரியாகிறதா?" என்று மருத்துவர் கேட்பது பேச்சுக்காக அல்ல. அந்த ஒரு பதில் நோயின் பக்கம் நல்ல எடை சேர்க்கிறது.

சரி, இப்போது தோலுக்கு வருவோம். உள்ளங்கைப் பக்கம் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி ஆகியவை மீடியன் நரம்பின் எல்லை. மோதிர விரலின் மறுபாதியும் சுண்டுவிரல் முழுவதும் அல்நார் நரம்புடையவை. புறங்கையில் கட்டைவிரல் பக்கத்தை ரேடியல் நரம்பு பார்த்துக்கொள்கிறது. ஒரே விரலை இரண்டு நரம்புகள் பங்கு போட்டுக்கொள்வது இங்கே பெரிய உதவி. நம் நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் மோதிர விரலின் ஒரு பக்கத்தையும் மறுபக்கத்தையும் மாறி மாறித் தொட்டால், நடுவிரல் பக்கம் மந்தமாகவும் சுண்டுவிரல் பக்கம் தெளிவாகவும் தெரிகிறது என்கிறார். கழுத்தில் நசுங்கும் நரம்பு வேர், அதாவது தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் பகுதி, இப்படி விரலை நடுவில் பிளந்து மரக்கவைக்காது. வேரின் எல்லை விரலின் முன்பக்கம், பின்பக்கம், முன்கை என்று பட்டையாக ஓடும். எல்லாரிடமும் இந்தப் பங்கீடு அச்சுப் பிசகாமல் இருக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது. மோதிர விரல் முழுவதையும் ஒரே நரம்பு எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

இதைவிடச் சுவையானது உள்ளங்கை. கட்டைவிரலுக்கு அடியில் சதைப்பற்றான மேடு இருக்கிறது. அதன்மேல் உள்ள தோலும் மீடியன் நரம்புக்குத்தான் சொந்தம். ஆனால் நம் நோயாளிக்கு அங்கே உணர்ச்சி துல்லியமாக இருக்கிறது. காரணம், அந்தத் தோலுக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் மேலேயே, முன்கையில், தாய் நரம்பை விட்டுப் பிரிந்துவிடுகிறது. பிரிந்த கிளை சுரங்கத்துக்குள் நுழையாமல் நார்ப்பட்டைக்கு வெளியே, தோலுக்குச் சற்றே அடியில் உள்ளங்கைக்கு வந்து சேர்கிறது. சுரங்கத்துக்குள் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. எனவே விரல்கள் மரத்து உள்ளங்கை மேடு மரக்காமல் இருந்தால், நசுக்கம் அந்தக் கிளை பிரிந்த இடத்துக்குக் கீழே, அதாவது சுரங்கத்தில். மேடும் சேர்ந்து மரத்தால் கோளாறு அதற்கு மேலே, முன்கையிலோ முழங்கையருகிலோ அதற்கும் மேலோ தேட வேண்டும். மருத்துவ மாணவர்களிடம் தேர்வில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி இது. மனப்பாடம் செய்தவர்கள் மறந்துவிடுவார்கள், கிளை எங்கே பிரிகிறது என்று ஒருமுறை வரைந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அல்நார் நரம்பிலும் இதே தர்க்கம் செல்லும். அது கார்ப்பல் சுரங்கத்துக்குள் போவதில்லை. நார்ப்பட்டைக்கு மேலே, பட்டாணி எலும்பை ஒட்டித் தனி வழியில் போகிறது. அதனால்தான் சுண்டுவிரல் தப்பிக்கிறது. அதன் புறங்கைக் கிளையும் மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுவதால், அல்நார் நரம்பு மணிக்கட்டில் நசுங்கினால் புறங்கைத் தோல் மரக்காது. முழங்கையில் நசுங்கினால் அதுவும் மரக்கும்.

இனித் தசைகள். கைக்குள்ளேயே தொடங்கிக் கைக்குள்ளேயே முடியும் சிறு தசைகளில் பெரும்பாலானவை அல்நார் நரம்புக்கு உட்பட்டவை. விரல்களை விரிப்பவை, சேர்ப்பவை, சுண்டுவிரல் மேட்டில் உள்ளவை, கட்டைவிரலை உள்ளங்கையோடு ஒட்டி இழுப்பது, எல்லாம் அதன் கணக்கு. மீடியனுக்குக் கிடைப்பது கட்டைவிரல் மேட்டுத் தசைகளும், ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் உரிய இரண்டு புழு வடிவத் தசைகளும்தான். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தும் வேலை அவற்றிடம் இருக்கிறது. மேட்டுத் தசைகளுக்கான கிளை பெரும்பாலோருக்குச் சுரங்கத்தைத் தாண்டியதும் பிரிந்து, பின்னோக்கி வளைந்து மேட்டுக்குள் நுழைகிறது. ஆகவே அது தப்ப முடியாது.

சோதிப்பது எளிது. புறங்கை மேசையில் படும்படி கையை வைத்து, கட்டைவிரலை நேராகக் கூரையை நோக்கித் தூக்கச் சொல்லி, அதைக் கீழே அழுத்திப் பார்க்க வேண்டும். தூக்குவது மேட்டின் வெளியோரத்தில் உள்ள குறுந்தசை. அதற்கு மீடியனைத் தவிர வேறு நரம்பு வழக்கமாக வருவதில்லை. நம் நோயாளியின் வலக் கட்டைவிரல் லேசான அழுத்தத்துக்கே சாய்கிறது. மேட்டின் வெளியோரம், எலும்பை ஒட்டிய இடத்தில், இடக்கையோடு ஒப்பிட்டால் சற்றுக் குழிந்திருக்கிறது. அதே கட்டைவிரலின் நுனிக் கணுவை மடக்கச் சொன்னால் பலமாக மடக்குகிறார். அந்தத் தசை முன்கையில் இருக்கிறது, அதற்கான நரம்புக்கிளையும் அங்கேயே கிடைத்துவிடுகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே ஒரு தாளைப் பிடிக்கச் சொல்லி இழுத்தால் விடமாட்டேன் என்கிறார், அது அல்நாரின் வேலை. கட்டைவிரலின் ஒரே ஒரு அசைவு மட்டும் போய், மற்றவை நன்றாக இருக்கின்றன.

கழுத்துக் கேள்வியும் இதில் முடிகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டியும் மரக்கக் கழுத்தில் காரணம் இருந்தால் அது பொதுவாக ஆறாவது கழுத்து நரம்பு வேர். மேட்டுத் தசைக்கு நரம்பு வருவதோ எட்டாவது கழுத்து வேர், முதல் மார்பு வேர் ஆகியவற்றிலிருந்து. ஒரே வேர் நசுங்கி இரண்டையும் கெடுக்க முடியாது. எக்ஸ்ரேயில் தெரிந்த தேய்மானம் பொய்யில்லை, இந்த வயதில் பலருக்கும் இருப்பதுதான். ஆனால் இந்தக் கையின் தொல்லைக்கு அது காரணமில்லை. வலி மட்டும் மேலே ஏறுவது மணிக்கட்டு நசுக்கத்திலும் வழக்கம், அதை வைத்துக் குழம்ப வேண்டாம்.

மணிக்கட்டை ஒரு நிமிடம் மடக்கி வைத்தால் மரப்பு வருகிறதா என்று பார்ப்பதும், சுரங்கத்தின் மேல் கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்திப் பார்ப்பதும் துணைச் சோதனைகள். நோய் இருந்தும் இவை வராமல் போகலாம், நோயில்லாமலும் வரலாம். நரம்புக் கடத்தல் சோதனையில் மின்துடிப்பு மணிக்கட்டைத் தாண்டும் இடத்தில் தாமதிப்பது தெரியும். தொடக்க நிலையில் அதுவும் சிலருக்குச் சரியாகவே இருக்கும். கூடவே தைராய்டு குறைவு, சர்க்கரை, முடக்குவாதம், கர்ப்பம் ஆகியவற்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் வருவது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தணிந்துவிடும். கீபோர்டு தட்டுவதால் வருகிறது என்ற பேச்சுக்குச் சான்று பலவீனம். அதிரும் கருவிகளைப் பிடித்து வேலை செய்வதற்கும், அழுத்திப் பிடித்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கும்தான் சான்று கூடுதல்.

மரப்பு வந்து போகும் நிலையில் இருந்தால், ராத்திரி மணிக்கட்டை நேராக நிறுத்தும் தாங்குபட்டை போதலாம். நேராக என்பது முக்கியம். கடையில் கிடைக்கும் சில பட்டைகள் மணிக்கட்டைப் பின்னால் வளைத்தே வைக்கின்றன, அது அழுத்தத்தைக் கூட்டும். ஸ்டீராய்டு ஊசி பலருக்குச் சில மாத நிம்மதி தரும். நம் நோயாளியைப் போலத் தசை மெலியத் தொடங்கிவிட்டால் காத்திருப்பதில் லாபமில்லை, நார்ப்பட்டையை வெட்டி விடுவிப்பதே வழி. அங்கேயும் முன்னே பார்த்த இரண்டு கிளைகள்தான் கத்தி போகும் வழியைத் தீர்மானிக்கின்றன. உள்ளங்கைத் தோலின் கிளையும் மேட்டுத் தசையின் கிளையும் கட்டைவிரல் பக்கம் இருப்பதால், மோதிர விரலுக்கு நேரான கோட்டில் கீறல் போடுகிறார்கள். தசைக்கிளை சிலருக்கு நார்ப்பட்டையையே துளைத்துக்கொண்டு வரும் என்பதால், அறுவை நிபுணர் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் வெட்டுவார்.

அதன் பிறகு ராத்திரி எரிச்சல் பெரும்பாலும் சில நாட்களிலேயே போய்விடும். விரல் நுனி உணர்ச்சி திரும்பச் சில வாரம் முதல் பல மாதம் ஆகும். உள்ளங்கை அடியில் ஊன்றினால் வலிப்பது சில மாதம் நீடிக்கும், பயப்பட வேண்டியதில்லை. மெலிந்த மேடு மட்டும் கடைசியாகத்தான் தேறும். ரொம்பத் தாமதித்து வந்தவர்களுக்கு அது முழுதாகத் தேறாமலே போவதும் உண்டு.