டிஸ்கவுண்ட் ரேட்: தள்ளுபடியா, கழிவா?

ஒரு திட்டத்தின் செலவையும் பயனையும் எடைபோடும் செலவு–பயன் ஆய்வு அறிக்கைகளில், பின்னால் வரும் பயனை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் டிஸ்கவுண்ட் ரேட்டைத் 'தள்ளுபடி விகிதம்' என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். எனக்கு இது உறுத்தல். தள்ளுபடி என்றதும் ஆடித் தள்ளுபடி போர்டு நினைவுக்கு வரும், இல்லையென்றால் விவசாயக் கடன் தள்ளுபடி, அதாவது மொத்தமும் போச்சு. இங்கே நடப்பது இரண்டும் இல்லை.

வட்டிக் கணக்கைப் பின்னோக்கி ஓட்டுகிறோம், அவ்வளவுதான். 100 ரூபாயை 6 சதவீதக் கூட்டுவட்டிக்கு விட்டால் 50 ஆண்டில் சுமார் 1,842 ரூபாய். அதையே திருப்பிப் போட்டால், 50 ஆண்டு கழித்து வரப்போகும் 100 ரூபாய்ப் பயனுக்கு இன்றைய மதிப்பு 5 ரூபாய் 43 காசு.

சொல்லின் வேரும் இதற்கு ஒத்துப்போகிறது. இடைக்கால லத்தீனில் 'டிஸ்கம்ப்யூட்டாரே', கணக்கிலிருந்து கழிப்பது. இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆகவே 'கழிவு' சரியான வேர். ஆனால் பாதாளச் சாக்கடைத் திட்ட அறிக்கையில் 'கழிவு வீதம் 8 சதவீதம்' என்று எழுதினால் படிப்பவர் வேறு எதையோ நினைப்பார்! அதனால் நான் 'காலக்கழிவு வீதம்' என்று எழுதுகிறேன்.

லண்டன் விக்டோரியா பாதாள ரயில் பாதையைப் பார்த்தால் இது ஏன் முக்கியம் என்று புரியும். டிக்கெட் வருமானம் செலவை ஈடுகட்டாது என்று தெரிந்த திட்டம் அது. 1963-இல் ஃபாஸ்டர், பீஸ்லி என்ற இரு பொருளியலாளர்கள் கேள்வியையே மாற்றினார்கள்: ரயில் நிர்வாகத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை விட்டுவிட்டு, ஊருக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்தார்கள். பயணிகளுக்கு மிச்சமாகும் நேரத்துக்கு விலை போட்டார்கள், அப்புறம் அந்த ரயிலில் ஏறாமலேயே நெரிசல் குறைந்த சாலையில் சீக்கிரம் போய்ச் சேருகிறவர்களின் நேரத்துக்கும் போட்டார்கள், பயனில் பெரிய பங்கு இவர்களிடமிருந்தே வந்தது. டிக்கெட் காசு இந்தக் கணக்கில் பயன் இல்லை. பயணியின் பையிலிருந்து ரயில்வேயின் பைக்குப் போகிறது, ஊருக்கு மொத்தத்தில் கூடுவது எதுவுமில்லை.

இப்படிப்பட்ட பயன் எல்லாம் பல்லாண்டுகளில் சொட்டுச் சொட்டாக வருவது, செலவோ முதல் சில ஆண்டுகளிலேயே முடிந்துவிடுகிறது. அங்கேதான் வீதம் விளையாடுகிறது. ஐம்பதாம் ஆண்டின் 100 ரூபாய் 4 சதவீதத்தில் இன்றைக்கு 14 ரூபாய், 8 சதவீதத்தில் வெறும் 2 ரூபாய். திட்டத்தில் ஒரு செங்கல்லைக்கூட மாற்றாமல், வீதத்தை மட்டும் மாற்றி ஒரு பாலத்தைத் தேற வைக்கலாம், கவிழ்க்கவும் செய்யலாம். பிரிட்டன் அரசு 2003 முதல் 3.5 சதவீதம் என்று பொதுவாக வைத்திருப்பது, துறைக்கு ஒன்றாக வளைக்காமல் இருக்க உதவுகிறது.

அறிக்கையைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: பயன்களை இன்றைய விலையில் போட்டுவிட்டு, விலைவாசி ஏற்றமும் சேர்ந்த வங்கி வட்டியைக் காலக்கழிவு வீதமாக வைத்திருக்கிறார்களா? அப்படி வைத்திருந்தால் பின்னால் வரும் பயன்கள் தேவைக்கு மேல் சுருங்கிப் போயிருக்கும். இன்றைய விலை என்றால் விலைவாசி ஏற்றம் நீக்கிய வீதம்தான் வேண்டும்.