“இந்த வருஷ சேல்ஸ் அனுப்புங்க”: எந்த வருஷம், ஐயா?

பிப்ரவரி முதல் வாரத்தில் “இந்த வருஷ சேல்ஸ் ரிப்போர்ட் அனுப்புங்க, அர்ஜென்ட்” என்று ஒரு வாட்ஸ்அப் வந்தால், கணக்குப் பிரிவில் இருப்பவர் உடனே எக்செலைத் திறக்கக் கூடாது. அந்த ஒரு வரிக்கு, அதே புத்தகத்திலிருந்தே, குறைந்தது நான்கு பதில்கள் எடுக்கலாம். நான்கும் கூட்டல் பிசகாதவை, நான்கும் பில்களோடு ஒத்துப்போகிறவை. வம்பே அதில்தான் இருக்கிறது. கூட்டலில் பிழை இருந்தால் யாராவது பிடித்துவிடுவார்கள். கேட்டது ஒரு வருஷம், கொடுத்தது வேறு வருஷம் என்பது மீட்டிங் நடுவில்தான் வெளியே வரும். வந்ததும் “அக்கவுண்ட்ஸ்ல தப்பாக் கொடுத்துட்டாங்க” என்று முடித்துவிடுவார்கள். கேள்வியே அரைகுறையாக வந்தது என்று ஒருவரும் சொல்வதில்லை.

கோவைப் பக்கம் பம்ப்செட் விற்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். கேள்வி வந்த தேதி 6 பிப்ரவரி 2026. ஜனவரி வரை பில் எல்லாம் ஏறிவிட்டது. 2025 ஜனவரி முதல் மார்ச் வரை விற்பனை 165 லட்சம். ஏப்ரல் முதல் ஜூன் வரை 164, ஜூலை முதல் செப்டம்பர் வரை 110, அக்டோபர் முதல் டிசம்பர் வரை 109. 2026 ஜனவரியில் மட்டும் 43.

கேட்டவர் மனதில் இருந்தது நடப்பு நிதியாண்டு என்றால், ஏப்ரல் 2025 முதல் ஜனவரி 2026 வரை 426 லட்சம். இப்போதுதான் முடிந்த காலண்டர் வருஷம் என்றால் 548. ஜனவரி பிறந்துவிட்டதே, 2026-ஐத்தான் கேட்கிறேன் என்றால் 43. கடைசிப் பன்னிரண்டு மாதம் என்றால், போன ஜனவரியில் 42 லட்சம் விற்றிருந்தால், 549.

43-ஐ அனுப்பினால் பரவாயில்லை. “என்னப்பா இது, இவ்வளவுதானா?” என்று கேட்டவரே உடனே கூப்பிட்டுவிடுவார். ஆபத்தானது 426-க்கும் 548-க்கும் இடையிலான குழப்பம். காலண்டர் 2025-க்கும் நிதியாண்டு 2025-26-க்கும் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதம் பொது. அதனால் எந்த எண்ணைப் பார்த்தாலும் நம்புகிற மாதிரியே இருக்கும். வேறுபடுவது ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மட்டும். ஆனால் பம்ப்செட் வியாபாரத்தில் கோடைக்கு முன்னான அந்த மூன்று மாதம்தான் கனம். மார்ச் 31-க்குள் டார்கெட்டை முடிக்க டீலர்களுக்குச் சரக்கைத் தள்ளுகிற நிறுவனங்களில் அது இன்னும் கனம்.

ஒப்பீடு வரும்போது இன்னும் மோசம். இதே நிறுவனத்துக்கு 2024-25 முழு நிதியாண்டு விற்பனை 520 லட்சம். “இந்த வருஷம் 426, போன வருஷம் 520” என்று ஒரு வரி எழுதினால், விற்பனை 18 சதவீதம் விழுந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் 426 பத்து மாதக் கணக்கு, 520 பன்னிரண்டு மாதக் கணக்கு. அதே பத்து மாதத்தை, அதாவது ஏப்ரல் 2024 முதல் ஜனவரி 2025 வரை, எடுத்தால் 397. இப்போது வளர்ச்சி 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். இறங்கியதா ஏறியதா என்பதே மாறிவிடுகிறது. இதை வைத்து விற்பனைப் பிரிவில் ஒருவரின் இன்சென்டிவ் வெட்டப்பட்டிருந்தால், அவருக்கு யார் பதில் சொல்வது?

இங்கே ஒருவர் கட்டாயம் சொல்வார்: “நம்ம ஊர்ல வருஷம்னா ஏப்ரல்-மார்ச்தான். இதுகூடவா கேட்பாங்க?” இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வருமான வரிக்கும் ஜி.எஸ்.டி.க்கும் ஏப்ரல்-மார்ச் என்பது உண்மைதான். 2013-ம் ஆண்டின் கம்பெனிச் சட்டமும் நிதியாண்டு மார்ச் 31-ல் முடிய வேண்டும் என்கிறது. ஆனால் ரிப்போர்ட் கேட்பவர் சட்டப் பிரிவைப் பார்த்துக்கொண்டு கேட்பதில்லை, தன் மேஜையில் இருக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார். ஒரே கட்டடத்தில் மாடி ஏறி இறங்கினால் வருஷம் மாறும். பல அலுவலகங்களில் ஹெச்.ஆரின் லீவ் கணக்கு ஜனவரியில் தொடங்கும். தாய் நிறுவனம் ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருந்தால், அவர்களுக்கு அனுப்பும் தொகுப்பு பெரும்பாலும் ஜனவரி-டிசம்பர். வண்டி இன்ஷூரன்ஸுக்குப் பாலிசி எடுத்த தேதியிலிருந்து ஒரு வருஷம். சர்க்கரை ஆலைக்காரர் பேசும் சீசன் அக்டோபரில் தொடங்கும். வெளிநாட்டு நன்கொடை வாங்கும் தொண்டு நிறுவனத்தில், கொடுத்தவரின் ஆண்டு ஒன்று, நம் தணிக்கை ஆண்டு ஒன்று. இவர்களில் யார் கேட்டாலும் “இந்த வருஷம்” என்றுதான் கேட்பார்கள்.

ஏப்ரலிலிருந்து ஜூலை வரை இன்னொரு கூத்து உண்டு. ஜூலை 2025-ல் ஆடிட்டர் “இந்த வருஷக் கணக்கு ரெடியா?” என்றால், அவர் கேட்பது மார்ச் 2025-ல் முடிந்த 2024-25-ஐ. அவர் மேஜையில் அதுதான் ‘இந்த’ வருஷம். அதே நாளில் முதலாளி “இந்த வருஷம் எப்படிப் போகுது?” என்றால் 2025-26. ‘இந்த’ என்ற சொல் சுட்டுவது பேசுகிறவர் கையில் இருக்கும் கோப்பை. காலண்டரைப் பார்த்து அதற்குப் பொருள் கண்டுபிடிக்க முடியாது.

போகிறபோக்கில் ஒன்று: வருஷம் என்றால் பன்னிரண்டு மாதம் என்பதும் எப்போதும் உறுதியில்லை. ரிசர்வ் வங்கி தன் கணக்காண்டை ஜூலை-ஜூனிலிருந்து ஏப்ரல்-மார்ச்சுக்கு மாற்றியபோது, 2020-21 ஆண்டு ஒன்பதே மாதம். ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பதிவான கம்பெனிக்குக் கம்பெனிச் சட்டப்படி முதல் நிதியாண்டு அடுத்த ஆண்டு மார்ச் 31 வரை நீளும், ஏறக்குறைய பதினைந்து மாதம்வரை. இப்படிப்பட்ட ஆண்டை ஒப்பீட்டில் வைக்கும்போது மாத எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதாமல் விடாதீர்கள்.

எக்செலும் உதவாது, காலை வாரும். தேதிப் பத்தியில் ஃபில்டர் போட்டு Date Filters-ல் This Year தேர்ந்தெடுத்தால், அது ஜனவரி 1-லிருந்துதான் எடுக்கும். Year to Date-ம் அப்படியே. பைவட்டில் Years, Quarters என்று குரூப் செய்தால், Qtr1 என்பது ஜனவரி-மார்ச். நம் அலுவலகத்தில் முதல் காலாண்டு என்றால் ஏப்ரல்-ஜூன். இந்த Qtr1-ஐ அப்படியே நகலெடுத்து “முதல் காலாண்டு” என்று தலைப்பிட்டு அனுப்பிய ரிப்போர்ட்டுகள் எத்தனை சுற்றிக்கொண்டிருக்கின்றனவோ! டேட்டாவிலேயே நிதியாண்டுக்கு ஒரு தனிப் பத்தி போட்டுவிடுங்கள். தேதி A2-ல் இருந்தால்:

```
=YEAR(A2)-(MONTH(A2)<4)
```

இது நிதியாண்டு தொடங்கும் ஆண்டைத் தரும். 15-01-2026-க்கு 2025 என்று வரும், அதாவது 2025-26. 01-04-2026-க்கு 2026. பைவட்டில் Years-க்குப் பதிலாக இந்தப் பத்தியை இழுங்கள். 31-03, 01-04 ஆகிய இரண்டு தேதிகளைக் கொடுத்துப் பார்த்தால் சூத்திரம் சரியா என்று தெரிந்துவிடும். பத்தியில் தேதிகள் எழுத்தாக ஏறியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். 03-04 என்பது ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்று குழம்பினால் நிதியாண்டே மாறிப்போகும்.

சரி, கேட்டவரிடம் எப்படி உறுதிசெய்வது? “காலண்டர் இயரா, ஃபினான்ஷியல் இயரா?” என்று கேட்காதீர்கள். “ஆமா, வழக்கமா கொடுக்கிறதுதான்” என்றுதான் பதில் வரும், அதில் ஒன்றும் தெளியாது. “FY26” என்றும் எழுதாதீர்கள். நம்மிடம் அது மார்ச் 2026-ல் முடியும் ஆண்டு என்றாலும், தொடங்கும் ஆண்டை வைத்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு முனைத் தேதிகளை எழுதிக் கேளுங்கள்:

“சார், 01-04-2025 முதல் 31-01-2026 வரை, பில் தேதிப்படி, ஜி.எஸ்.டி. இல்லாமல் எடுக்கிறேன். ஒப்பிட 01-04-2024 முதல் 31-01-2025 வரை. சரிதானே?”

இதற்கு “சரி” என்று வந்தால் அந்த “சரி”க்கு மதிப்பு உண்டு. வேறு ஏதாவது வேண்டும் என்றால், தேதியைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார். “பில் தேதிப்படி” என்பதையும் விடாதீர்கள். மார்ச் 31-ல் பில் போட்டு ஏப்ரல் 2-ல் லாரி ஏறிய சரக்கு எந்த வருஷத்தில் விழும் என்பதில் சேல்ஸுக்கும் ஸ்டோர்ஸுக்கும் எப்போதும் சண்டை. கூடவே, இது யாருக்குப் போகிறது என்றும் கேளுங்கள். பேங்க் லிமிட் புதுப்பிக்கவா, தலைமையகத்துக்கா, டீலர் மீட்டிங்குக்கா என்று தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பதில் வரவில்லை, ரிப்போர்ட் மட்டும் அர்ஜென்ட் என்றால், நீங்களே ஒரு காலத்தை எடுத்துக்கொண்டு செய்யுங்கள். ஆனால் அந்தக் காலத்தை ரிப்போர்ட்டின் முதல் வரியில், தலைப்புக்கு அடியிலேயே எழுதுங்கள். மெயிலில் மட்டும் எழுதினால் போதாது, கோப்பு மெயிலை விட்டுப் பிரிந்துதான் ஊர் சுற்றும். கோப்பின் பெயரும் Sales_ThisYear_Final2.xlsx என்று இருக்க வேண்டாம். Sales_2025-04-01_2026-01-31.xlsx என்று வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் அது எதைச் சொல்கிறது என்று தெரியும்.

2026-ல் ஒரு புதுப் பொறியும் சேர்ந்திருக்கிறது. வருமான வரிச் சட்டம் 2025, 1 ஏப்ரல் 2026 முதல் நடைமுறை. அதில் மதிப்பீட்டு ஆண்டு கிடையாது, வரி ஆண்டுதான். ஆக, “2026-27” என்று எழுதினால் இரண்டு பொருள். பழைய சட்டத்தின் மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்றால், ஏப்ரல் 2025 முதல் மார்ச் 2026 வரையிலான வருமானம். புதிய சட்டத்தின் வரி ஆண்டு 2026-27 என்றால், ஏப்ரல் 2026 முதல் மார்ச் 2027 வரை. லோனுக்காக யாராவது “2026-27 வருமான விவரம்” கேட்டால், தயவுசெய்து தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு எடுங்கள்.

தவறான காலத்துக்கான ரிப்போர்ட் ஏற்கெனவே போயிருந்தால், புதிதாக ஒன்றை மட்டும் சத்தமில்லாமல் அனுப்பாதீர்கள். இரண்டு கோப்பும் சுற்றும், பழையதை வைத்துத்தான் யாராவது பேசுவார்கள். முன்பு அனுப்பியது எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, இப்போது அனுப்புவது எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வித்தியாசத் தொகை எந்த மாதங்களிலிருந்து வருகிறது என்று மூன்று வரி எழுதுங்கள். முதல் மெயிலில் இருந்த அத்தனை பேருக்கும் அது போக வேண்டும், சி.சி.யில் இருந்தவர்கள் உட்பட.