மோட்டாரைக் கழற்றிய பிறகும் சுடும் மாஸ்ஃபெட்

மோட்டாரை ஓட்டும் எச் பிரிட்ஜ் சர்க்யூட்டிலிருந்து மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டேன். அப்படியும் அது 12 வோல்ட் சப்ளையிலிருந்து ஒரு ஆம்பியருக்கு மேல் இழுத்தது. இடது பக்க மாஸ்ஃபெட்டுகளில் விரல் வைக்க முடியவில்லை. புரோகிராமைப் பார்த்தால் தப்பே இல்லை. மேல் மாஸ்ஃபெட்டை அணைக்கும் அதே கணத்தில் கீழ் மாஸ்ஃபெட்டைப் போடுகிறது. அந்த 'அதே கணம்'தான் வில்லங்கம்.

எச் பிரிட்ஜின் ஒவ்வொரு காலிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என சுவிட்சாக வேலை செய்யும் இரண்டு மாஸ்ஃபெட்டுகள். இரு கால்களுக்கும் நடுவில் மோட்டார். நான் வலது கீழ் சுவிட்சைப் போட்டபடியே விட்டு, இடது காலின் மேலையும் கீழையும் நொடிக்கு 20,000 முறை மாற்றிக்கொண்டிருந்தேன். மேல் சுவிட்ச் எவ்வளவு நேரம் போட்டிருக்கிறதோ அதற்கேற்ப வேகம். பிடபிள்யூஎம் என்பது இவ்வளவுதான்.

மாஸ்ஃபெட்டைப் போடவும் அணைக்கவும் உதவும் முனையான கேட் ஒரு குட்டி கெபாசிட்டர் மாதிரி. அது வடிந்து முடிந்தால்தான் சுவிட்ச் அணையும். மேலே வடிவதற்குள் கீழே நிரம்பிவிட்டால் இரண்டும் ஒரு மைக்ரோ நொடி சேர்ந்து போட்டிருக்கும். சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே தடுக்க எதுவுமில்லை. இதுதான் ஷூட்-த்ரூ. ஒவ்வொரு தடவையும் 30 ஆம்பியர் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றுக்கு இரண்டு தடவை, நொடிக்கு 40,000 தடவை. சராசரி 1.2 ஆம்பியர், கிட்டத்தட்ட 14 வாட் வெறும் சூடாகப் போகிறது.

உறுதிப்படுத்த ஒரு சுலபமான வழி உண்டு. மோட்டார் இல்லாமலே அதிர்வெண்ணை 2,000-க்கு இறக்கினேன். மின்னோட்டமும் பத்தில் ஒரு பங்காக இறங்கியது. எங்காவது நிரந்தர ஷார்ட் இருந்தால் இப்படிக் குறையாது.

சரி, ஒன்றை அணைத்ததும் 1.5 மைக்ரோ நொடி பொறுத்து மற்றதைப் போட்டேன். இதை டெட் டைம் என்பார்கள். இப்போது மோட்டாரை மாட்டினால் வேறு கேள்வி: இரண்டும் அணைந்திருக்கும் அந்த இடைவெளியில் சுருளில் ஓடும் மின்னோட்டம் எங்கே போகும்? அதைச் சட்டென்று நிறுத்த முடியாது. 1 மில்லிஹென்றி சுருளில் 1 ஆம்பியரை ஒரு மைக்ரோ நொடியில் நிறுத்தப் பார்த்தால் கணக்குப்படி 1,000 வோல்ட் எழும். மாஸ்ஃபெட் அதற்கு முன்பே செத்துவிடும். கீழ் மாஸ்ஃபெட்டுக்கு இணையாக, தலைகீழாக இருக்கும் ஃப்ளைபேக் டையோடுதான் அந்த மின்னோட்டத்துக்கு வழி விடுகிறது.

கையில் கிடந்தது என்று 1N4007-ஐ அங்கே போட்டுவிடாதீர்கள். அது அணைய பல மைக்ரோ நொடி ஆகும். அதற்குள் மேல் மாஸ்ஃபெட்டைப் போட்டுவிட்டால், டையோடு வழியாகவே மறுபடி ஷூட்-த்ரூ! சட்டென்று அணையும் ஷாட்கி டையோடு போடுங்கள்.

பயந்துபோய் டெட் டைமை 10 மைக்ரோ நொடியாக்குவதும் சரிவராது. சுற்றே 50 மைக்ரோ நொடிதான், அதில் 20 போய்விடும். மெதுவாகச் சுற்றச் சொன்னால் மோட்டார் அசையவே அசையாது. 1.5 வைத்ததும் மோட்டார் இல்லாத மின்னோட்டம் சில மில்லி ஆம்பியருக்கு இறங்கிவிட்டது, அதோடு நிறுத்திக்கொண்டேன்.