குளிசை குடிக்காதவரின் ஸ்டீரோயிட் கணக்கு

"ஸ்டீரோயிட் பாவிக்கிறீங்களா அம்மா?" என்று கேட்டால், "சீச்சீ, அந்தக் குளிசை நான் தொடுறேல்லை" என்பதுதான் வழக்கமான பதில். அதில் பொய் ஒன்றுமில்லை. தொய்வுக்கு இழுக்கிற பம்ப், படைக்குப் பூசுகிற கிறீம், முழங்காலுக்குப் போட்ட ஊசி ஆகிய மூன்றிலும் இருப்பது அதே ஸ்டீரோயிட்தான் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். கேட்ட வைத்தியரும் பெரும்பாலும் குளிசையை மட்டும் மனதில் வைத்தே கேட்டிருப்பார்.

பல நோயாளிகளில் காண்பவற்றை ஒருவரில் சேர்த்துப் பார்ப்போம். வடமராட்சியில் 58 வயதுப் பெண். தொய்வுக்கு புளூட்டிகசோன் 250 மைக்ரோகிராம் பம்ப், காலை இரண்டு முறை, இரவு இரண்டு முறை. நாளுக்கு 1000 மைக்ரோகிராம். இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்பதால் தனியார் கிளினிக்கில் ஒரு வருடத்துக்குள் மூன்று தடவை ட்ரையம்சினோலோன் ஊசி, ஒவ்வொரு காலுக்கும் 40 மில்லிகிராம். தொடையிடுக்கில் படை வந்ததால் பாமசியில் சொல்லி வாங்கிய குளோபெட்டசோல் கலந்த கிறீம். 15 கிராம் டியூப் ஒரு கிழமைக்குள் முடிந்துவிடும். மூன்று இடம், மூன்று பேர், மூன்று துண்டு. கிளினிக் கொப்பியில் பம்ப் மட்டும்தான் எழுதியிருக்கும்.

இனி ஒவ்வொன்றையும் எடைபோடுவோம். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல இருக்கும் அதிரினல் சுரப்பிகள் நாளொன்றுக்குச் சுரக்கும் கோர்டிசோல் ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிகிராம் பிரெட்னிசலோனுக்குச் சமம். வெளியிலிருந்து ஸ்டீரோயிட் வந்துகொண்டிருந்தால் மூளையடியிலுள்ள கபச்சுரப்பி "சரக்குப் போதும்" என்று கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். கட்டளை வராத அதிரினல் மெல்லச் சுருங்கி உறங்கிவிடும். பம்பைப் பொறுத்தவரை புளூட்டிகசோன் நாளுக்கு 500 மைக்ரோகிராமைத் தாண்டினாலே கவனம் தேவை. பம்ப் இழுத்ததும் வாய் கொப்பளித்தால் இது தடுக்கப்படும் என்று சிலர் நினைக்கிறார்கள். கொப்பளிப்பது வாயில் வெண்படலம் வராமலிருக்க நல்லது. ஆனால் விழுங்கிய புளூட்டிகசோனை ஈரல் ஏறக்குறைய முழுவதும் அழித்துவிடும். இரத்தத்தில் சேர்வது நுரையீரல் வழியாகப் போகும் பங்குதான்.

முழங்கால் ஊசியில் 40 மில்லிகிராம் ட்ரையம்சினோலோன் என்பது 50 மில்லிகிராம் பிரெட்னிசலோனுக்கு ஒப்பானது. அது மூட்டுக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை, பல நாட்களாகக் கசிந்துகொண்டிருக்கும். ஒரு ஊசிக்கே அதிரினல் இரண்டு, மூன்று கிழமை அமுங்கிக் கிடக்கலாம். இரண்டு காலுக்கும் ஒரே நாளில் போட்டால் அளவு இரட்டிப்பு.

ஆனால் கிறீம்தான் எல்லோரும் மறக்கிற ஒன்று. குளோபெட்டசோல் நாளுக்கு 2 கிராம் பூசினாலே அதிரினலை அமுக்கக்கூடும். விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் அரைக் கிராம். அப்படி நாலு விரல் பூசினால் 2 கிராம் வந்துவிட்டது. கிழமைக்கு ஒரு 15 கிராம் டியூப் என்ற கணக்கும் அதுவே. முன்கைத் தோலைவிட முகமும் தொடையிடுக்கும் பல மடங்கு உறிஞ்சும், எங்கள் வெயிலில் வேர்த்து நனைந்த மடிப்பு இன்னும் கூடுதலாக. முகம் வெளுக்கவென்று விற்கப்படும் பெயரில்லாக் கிறீம்கள் சிலவற்றிலும் இதே மருந்து இருக்கிறது. படைக்கு இது மருந்தே அல்ல. சொறிவை அடக்கிவிட்டுப் பூஞ்சணத்தை வளர்க்கும். அதனால்தான் படை திரும்பத் திரும்ப வருகிறது, டியூப்பும் திரும்பத் திரும்ப வாங்கப்படுகிறது.

இந்தப் பெண்ணின் படை மாறாததால் ஒரு மாதத்துக்குப் பூஞ்சணத்துக்கான இற்றாகொனசோல் குளிசை எழுதப்படுகிறது. புளூட்டிகசோனை உடைத்து வெளியேற்றும் ஈரல் நொதியை இற்றாகொனசோல் முடக்கிவிடும். பம்பின் அளவு அதேதான், ஆனால் இரத்தத்தில் தங்கும் அளவு பல மடங்கு கூடும். மாத முடிவில் படை போய்விட்டது. குளிசையையும் கிறீமையும் ஒன்றாக நிறுத்துகிறார். முழங்கால் ஊசியின் கசிவும் அதற்குள் தீர்ந்துவிட்டது. வெளிச்சரக்கு சட்டென்று இறங்க, உள்ளே சுரப்பி இன்னும் உறக்கத்திலேயே இருக்கிறது.

அசதி, சாப்பாட்டில் மனமில்லாமை, எழும்பி நிற்கத் தலைச்சுற்று, மூன்று கிலோ மெலிவு. முன்பே இருந்த நீரிழிவுக்கான குளிசையைக் குறைக்கவேண்டி வருகிறது. "சீனி நல்லாக் கட்டுப்பட்டிருக்கு" என்று வீட்டார் சந்தோசப்படுகிறார்கள். உண்மையில் சீனியை ஏற்றிப்பிடிக்கும் கோர்டிசோல் இல்லாததால்தான் அது இறங்குகிறது. தைரொயிட், ஈமோகுளோபின், கமரா விட்டுப் பார்த்த வயிறு எல்லாமே நோர்மல். சோடியம் மட்டும் 128. "உப்புக் கூடப் போட்டுச் சாப்பிடுங்கோ" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

பொற்றாசியம் சரியாக இருப்பதும் தோல் கறுக்காததும் வைத்தியரை ஏமாற்றிவிடும். சுரப்பியே அழிந்துபோகும் அடிசன் நோயில்தான் பொற்றாசியம் ஏறும், உதடும் கைரேகையும் கறுக்கும். இங்கே உப்பைக் காக்கும் அல்டொஸ்டெரோன் சேதமில்லாமல் இருக்கிறது, குறைந்தது கோர்டிசோல் மட்டுமே.

பிறகு ஒருநாள் வயிற்றோட்டமும் சத்தியும். மற்றவர்கள் இளநீரோடு சமாளிக்கும் அளவுதான். இவருக்கோ இரத்த அழுத்தம் 80க்கு 50. சேலைன் ஏற்றியும் ஏறவில்லை. மார்கழி, தை மாதமென்றால் டெங்கு என்றே எல்லோர் புத்தியும் ஓடும். இந்தக் கட்டத்தில் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கக்கூடாது. முடிந்தால் கோர்டிசோலுக்கு இரத்தம் எடுத்துவைத்துவிட்டு, ஹைட்ரோகோர்டிசோன் 100 மில்லிகிராமை நரம்பில் உடனே கொடுக்கவேண்டும், நரம்பு கிடைக்காவிட்டால் தசையில். பின்னர் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை 50 மில்லிகிராம், கூடவே சேலைன். இது அதிரினல் நெருக்கடியென்றால் சில மணித்தியாலத்துக்குள் ஆள் தெளிந்துவிடுவார். தேவையில்லாமல் ஒரு ஊசி போட்டுவிட்டோமோ என்ற கவலைக்கு இங்கே இடமில்லை. போடாமல் விட்டால்தான் உயிர் போகும்.

அந்த நிலைக்கு வருமுன் சந்தேகம் வந்தால் காலை 8க்கும் 9க்கும் இடையில் கோர்டிசோல் பார்க்கவேண்டும். பின்னேரம் எடுத்த இரத்தத்தில் அது இயல்பாகவே குறைந்திருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது. 300 நனோமோலுக்கு மேல் என்றால் சுரப்பி எழும்பிவிட்டது, 150க்குக் கீழ் என்றால் உறங்குகிறது. இடையில் வந்தால் சினக்தென் 250 மைக்ரோகிராம் ஊசி போட்டுச் சுரப்பி எழும்புகிறதா என்று பார்க்கலாம். அறிக்கை மைக்ரோகிராம் அலகில் வந்தால் 150 என்பது ஏறக்குறைய 5, 300 என்பது 11க்குச் சற்றுக் குறைவு.

இதை வாசித்துவிட்டு யாரும் பம்பை நிறுத்தவேண்டாம். தொய்வு திரும்பி மூச்சடைக்கும், உறங்கும் சுரப்பியும் கைகொடுக்காது. இரண்டு ஆபத்து ஒன்றாக வந்துசேரும். தொய்வு அடங்கியிருந்தால் மருந்தளவை வைத்தியரே படிப்படியாக இறக்குவார். சுரப்பி விழிக்க மாதக்கணக்கு ஆகலாம். அதுவரை நாளாந்த ஹைட்ரோகோர்டிசோன் தேவைப்படலாம், காய்ச்சல் வந்தால் அதைக் கூட்டவும் வேண்டும். முழங்கால் மாற்றுவது போன்ற பெரிய சத்திரசிகிச்சைக்கு முன்னர் மயக்கமருந்து கொடுப்பவருக்குக் கட்டாயம் சொல்லவேண்டும்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது பம்ப், பாதி பிதுக்கிய டியூப், முகக் கிறீம் டப்பா, ஊசி போட்ட துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். முழங்கால் ஊசியின் திகதியும் மில்லிகிராமும் தெரியாவிட்டால் போட்ட இடத்தில் கேட்டு வாங்குங்கள். சுரப்பி அமுங்கியிருக்கிறது என்று தெரிந்தவர்கள் கொப்பியின் முதல் பக்கத்தில் வைத்தியரைக் கொண்டு சிவப்பு மையால் எழுதுவியுங்கள்: "அதிரினல் அமுங்கியுள்ளது. சத்தி, மயக்கம், விபத்து என்றால் ஹைட்ரோகோர்டிசோன் 100 மில்லிகிராம் உடனே." வெளிநோயாளர் பிரிவில் பார்ப்பவருக்கு விளங்க அதையே ஆங்கிலத்திலும். 1990 அம்புலன்ஸ் வந்ததும் முதலில் காட்டவேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.